பச்சை நிறைந்த ஷீட்டும் 48 மதிப்பெண்ணும்

வாசகர் கடிதம்

நாங்கள் கோவைக்காரர்கள். பல வருடங்களாக இங்கிலாந்தில், ரெடிங் பக்கம் இருக்கிறோம். நான் ஐ.டி.யில் ப்ராஜெக்ட் மேனேஜர். மகள் இயர் 11, மே மாதம் ஜி.சி.எஸ்.இ. தேர்வு. கெமிஸ்ட்ரியைத் தனிப் பாடமாக, ஹையர் டியரில் எழுதுகிறாள். ஏ.க்யூ.ஏ. தேர்வு போர்டின் பாடத்திட்டமான ஸ்பெசிஃபிகேஷனை இறக்கி, ஒவ்வொரு உட்தலைப்பையும் ஒரு வரிசையாக எக்செல்லில் போட்டுக் கொடுத்தேன். படித்து முடித்ததும் அவள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மாற்ற வேண்டும். அடுத்த நாள் சிவப்பிலிருந்து ஒன்றை எடுத்துப் படிக்க வேண்டும். செப்டம்பரிலிருந்து ஒரு நாள் தவறாமல் செய்தாள். டிசம்பரில் முதல் பேப்பருக்கான வரிசைகளில் முக்கால்வாசி பச்சை. மாக் தேர்வில் நூற்றுக்கு 48. அவள் பொய்யாகப் பச்சை போடுகிறாளா? இனி நானே கேள்வி கேட்டு நிறம் போடட்டுமா? மனைவி, "அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் படிக்க விடுங்கள்" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு அவள் பச்சை போட்டபோது, அந்த ஒன்பது மணிக்கு அது உண்மைதான். ஒரு மணி நேரம் ஒரே தலைப்பில் இருந்திருக்கிறாள், செய்து காட்டிய கணக்கு கண் முன்னே இருக்கிறது, எல்லாம் சுலபமாக ஓடுகிறது. அந்த நிமிடத்தில் "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டால் யாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். தேர்வோ ஆறு வாரம் கழித்து, புத்தகம் இல்லாமல், வேறு பத்துத் தலைப்புகளுக்கு நடுவே அதையே கேட்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். உங்கள் ஷீட் முதல் கேள்விக்கான பதிலை மட்டுமே சேர்த்துவைத்திருக்கிறது.

நினைவு பற்றிய ஆய்வுகளில் இது நன்றாகத் தெரிந்த விஷயம். 1991இல் நெல்சன், டன்லோஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் சொல் ஜோடிகளைப் படிக்கக் கொடுத்து, "பிறகு இது உங்களுக்கு நினைவிருக்குமா?" என்று சிலவற்றுக்குப் படித்த உடனேயும் சிலவற்றுக்குச் சற்று நேரம் விட்டும் கேட்டார்கள். உடனே சொன்ன கணிப்புகள் பெரிதாகப் பலிக்கவில்லை. தாமதித்துச் சொன்னவை மிகத் துல்லியமாக இருந்தன. அடுத்த ஆண்டு அதே இருவர் இன்னொன்றையும் காட்டினார்கள்: தாமதித்துக் கேட்டாலும், கேட்கும்போது பதிலையும் சேர்த்துக் காட்டிவிட்டால் அந்தத் துல்லியம் போய்விடுகிறது. கேள்வி மட்டும் தெரிய வேண்டும், பதில் மறைந்திருக்க வேண்டும்.

உங்கள் ஷீட்டில் இருக்கும் கோளாறு இந்த இரண்டும்தான். நிறம் படித்தவுடன் போடப்படுகிறது, புத்தகம் திறந்திருக்கும்போது போடப்படுகிறது. ஆகவே உங்கள் மனைவி சொல்வதுபோல் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஏ.க்யூ.ஏ. ஸ்பெசிஃபிகேஷனை அடியொற்றி உட்தலைப்பு வாரியாக ஒரு பட்டியல் கையில் இருப்பது நல்ல முதல். அதில் நிறம் விழும் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

நிறம், புத்தகம் திறப்பதற்கு முன்

இனி ஒரு தலைப்பைப் படித்து முடித்ததும் நிறம் வேண்டாம். "படித்தது" என்று ஒரு புதிய பத்தி சேர்த்து, அதில் தேதி மட்டும் எழுதட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து அடுத்த முறை கெமிஸ்ட்ரிக்கு உட்காரும்போது, புதியதைத் தொடுவதற்கு முன், தேதி போட்டு நிறமில்லாமல் நிற்கும் அந்த வரிசைக்கு ஒரு பழைய தேர்வுக் கேள்வியை வெறும் தாளில் எழுத வேண்டும். எழுதியபின் மார்க் ஸ்கீமை வைத்துத் திருத்தி, அப்போது நிறம். ஒவ்வொரு அமர்விலும் ஷீட் புதுப்பிக்கப்படும். ஆனால் இன்று படித்த வரிசைக்கு இன்று நிறம் விழாது, போன முறை படித்ததற்குத்தான் விழும்.

நிறங்களுக்கு ஒரு கறாரான பொருளும் வேண்டும். "நம்பிக்கையாக இருக்கிறது" என்பது பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நான் சொல்வது இது: கேள்வியை எப்படித் தொடங்குவது என்றே தெரியாவிட்டால் சிவப்பு. தொடங்கி, வழியில் மதிப்பெண் இழந்தாலோ நோட்டை எட்டிப் பார்த்தாலோ மஞ்சள். உதவியில்லாமல் முழு மதிப்பெண், அதுவும் வேறு வேறு நாளில் இரண்டு முறை வாங்கினால்தான் பச்சை. பச்சையின் பக்கத்திலும் தேதி இருக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேல் பழைய பச்சையைச் சந்தேகத்துக்குரியது என்று வைத்துக்கொண்டு மறுபடி ஒரு கேள்வி போட்டுப் பார்க்கலாம். மூன்று வாரம் என்பது வேதவாக்கு இல்லை. மே மாதத்துக்குள் ஒவ்வொரு வரிசையும் சில முறையாவது கண்ணில் பட வேண்டும் என்பதற்காக நான் வைத்துக்கொள்ளும் கணக்கு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்படி மாற்றினால் முதல் இரண்டு வாரத்தில் பச்சைகள் மளமளவென்று சரியும். அவளுக்கு அது வயிற்றைக் கலக்கும், உங்களுக்கும்தான். அவளுக்குத் தெரிந்தது எதுவும் குறைந்துவிடவில்லை, ஏற்கெனவே இருந்த நிலை இப்போதுதான் ஷீட்டில் தெரிகிறது. இதைத் தொடங்கும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு வரிசையை எடுத்துப் பார்ப்போம்

ஹையர் டியர் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் ஒரு இடம் ஸ்பெசிஃபிகேஷனின் 4.3.2.4, வினையில் முதலில் தீர்ந்துபோகும் பொருளான லிமிட்டிங் ரியாக்டன்ட். உங்கள் ஷீட்டில் அது பச்சையாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அதைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புத்தகத்தில் செய்து காட்டிய கணக்கைப் பார்க்கிறாள், அதே மாதிரி எண் மட்டும் மாற்றிய இரண்டு கணக்கைச் செய்கிறாள், இரண்டும் சரி. பழைய முறைப்படி பச்சை. புதிய முறைப்படி தேதி மட்டும்.

வெள்ளிக்கிழமை வெறும் தாளில் இந்தக் கேள்வி: 4.8 கிராம் மெக்னீசியமும் 0.30 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிகின்றன. எது லிமிட்டிங் ரியாக்டன்ட்?

Mg + 2HCl → MgCl₂ + H₂

அவள் மெக்னீசியத்தை 24ஆல் வகுத்து 0.20 மோல் என்று சரியாக எடுக்கிறாள். பிறகு 0.20ஐயும் 0.30ஐயும் பார்க்கிறாள். 0.20 சின்னது, ஆகவே மெக்னீசியம் என்று எழுதிவிடுகிறாள். தவறு. சமன்பாட்டில் HClக்கு முன்னால் 2 இருக்கிறது. 0.20 மோல் மெக்னீசியம் முழுவதும் கரைய 0.40 மோல் அமிலம் வேண்டும், இருப்பதோ 0.30. அமிலம்தான் முதலில் தீரும். கிடைக்கும் ஹைட்ரஜன் 0.15 மோல்.

வரிசை மஞ்சளாகிறது. அத்தோடு விட்டுவிட்டு 4.3.2.4ஐ மறுபடி முதலிலிருந்து படித்தால் பாதி உழைப்பு வீண். அவளுக்கு லிமிட்டிங் ரியாக்டன்ட் என்றால் என்ன என்று தெரியும், மோலும் கணக்கிடத் தெரியும். தெரியாதது சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணை எப்படிப் பயன்படுத்துவது என்பது. அது இரண்டு வரிசை மேலே, 4.3.2.2இல் இருக்கிறது. ஆகவே நிறத்தின் பக்கத்தில் "ஏன்" என்று ஒரு சின்னப் பத்தி வையுங்கள். அதில் நாலைந்து சொல் போதும்: "விகிதம் 1:2ஐப் பார்க்கவில்லை". என்னைக் கேட்டால் மொத்த ஷீட்டிலும் அதிகம் பயன்படுவது இந்தப் பத்திதான், நிறம்கூட அதற்கு அப்புறம்தான்.

ஏனென்றால் அதே காரணம் வேறு வேடத்தில் மறுபடி வரும். டைட்ரேஷன் கணக்கில், 25.0 cm³ NaOH கரைசலை நடுநிலையாக்க 0.0500 mol/dm³ செறிவுள்ள H₂SO₄ 20.0 cm³ தேவைப்பட்டது என்று கொடுத்து, NaOH செறிவைக் கேட்பார்கள். சரியான விடை 0.0800 mol/dm³. 0.0400 என்று எழுதும் பிள்ளை கணக்கில் தடுமாறவில்லை. அமிலத்தின் ஒரு மோலுக்கு இரண்டு மோல் NaOH வேண்டும் என்பதை விட்டிருக்கிறது. விடை சரிபாதியாக வரும், அதுவே அடையாளம். அதே கேள்வியில் ஆயிரம் மடங்கு பிசகிய விடை வந்தால் காரணம் வேறு: cm³ஐ dm³ ஆக்க 1000ஆல் வகுக்க மறந்திருப்பாள். நிறம் மட்டும் இருக்கும் ஷீட்டில் லிமிட்டிங் ரியாக்டன்ட், டைட்ரேஷன் இரண்டும் மஞ்சள், இரண்டு நாள் வேலை என்று தெரியும். காரணமும் எழுதிய ஷீட்டில் 4.3.2.2இல் ஒரே ஒரு ஓட்டை, ஒரு மாலை வேலை என்று தெரியும்.

வரிசையின் பெயர்

ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கும் தலைப்பை அப்படியே ஒட்டியதில் ஒரு சிக்கல் உண்டு. "எலக்ட்ராலிசிஸ் ஆஃப் அக்வியஸ் சொல்யூஷன்ஸ்" என்பது தலைப்பு. தலைப்பைப் பார்த்து யாரும் தெரியும், தெரியாது என்று சொல்ல முடியாது. கேள்விப்பட்டிருக்கிறேனா என்றுதான் மனது பார்க்கும். அதையே "உப்பின் பெயரைக் கொடுத்தால் இரண்டு மின்முனையிலும் என்ன வரும் என்று காரணத்தோடு சொல்வேனா", "அதற்கு ஹாஃப் ஈக்வேஷன் எழுதுவேனா" என்று இரண்டாக எழுதினால், ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல முடியும். சோடியம் குளோரைடு கரைசலில் எதிர்மின்முனையில் சோடியம் வராமல் ஹைட்ரஜன் வருவது ஏன் என்று நன்றாகச் சொல்லும் பிள்ளைகூட, 2H⁺ + 2e⁻ → H₂ என்று எழுதும்போது எலக்ட்ரானைத் தவறான பக்கத்தில் வைப்பதுண்டு. ஒரே வரிசையாக இருந்தால் இது மஞ்சளா பச்சையா என்று அவள் யோசித்துக்கொண்டே இருப்பாள்.

எல்லா வரிசையையும் இப்படி உடைக்க உட்காராதீர்கள். நீங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர், கை பரபரக்கும், தெரியும். நிறம் போடும்போது எந்த வரிசை "கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாது" என்று இழுக்கிறதோ அதை மட்டும், அந்த நேரத்தில், அவளே உடைக்கட்டும்.

சிவப்பு முதலில் என்பது சரியா?

பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கெமிஸ்ட்ரியில் எல்லாச் சிவப்பும் ஒரே எடை இல்லை. ஃப்யூயல் செல் சிவப்பு என்றால் ஃப்யூயல் செல்லில் மட்டும் மதிப்பெண் போகும். மோல் சிவப்பு என்றால் லிமிட்டிங் ரியாக்டன்ட், சதவீத ஈல்ட், செறிவு, டைட்ரேஷன், வாயுவின் கன அளவு எல்லாம் அதோடு சேர்ந்து தள்ளாடும். அதோடு, 4.1 முதல் 4.3 வரையிலான அடிப்படைகளை இரண்டாம் பேப்பரிலும் கேட்கலாம் என்று ஏ.க்யூ.ஏ. ஸ்பெசிஃபிகேஷனிலேயே எழுதியிருக்கிறது. அணு அமைப்பு, பிணைப்பு, மோல் கணக்கு மூன்றும் அதற்குள் அடக்கம். ஆகவே அந்த மூன்று பிரிவில் இருக்கும் மஞ்சள், 4.10இல் இருக்கும் உரத் தயாரிப்புச் சிவப்பைவிட முந்தியது. உரம் தனியாக நிற்கும் தலைப்பு. ஏப்ரலில் ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிடலாம்.

அடுத்ததைத் தேர்ந்தெடுக்க என் வழக்கம் இது. வேறு பல வரிசைகள் எதன் மேல் நிற்கின்றனவோ, அதில் சிவப்போ மஞ்சளோ இருந்தால் அதுதான் முதலில். அப்படி எதுவும் இல்லாவிட்டால் மஞ்சள்களில் எது ஒரு மாலையில் பச்சையாகும் நிலையில் இருக்கிறதோ அது. தனியாக நிற்கும் சிவப்புகள் அப்புறம். இவற்றோடு ஒவ்வொரு அமர்விலும் ஒரு பழைய பச்சைக்குச் சோதனைக் கேள்வி. உங்கள் முறையில் இந்தக் கடைசி விஷயம் அறவே இல்லை. ஒரு முறை பச்சையான வரிசையை அவள் செப்டம்பருக்குப் பின் திரும்பியே பார்த்திருக்க மாட்டாள், ஏனென்றால் ஷீட் அவளைச் சிவப்புக்கு மட்டுமே அனுப்பியது. டிசம்பர் மாக்கில் அந்தச் செப்டம்பர்ப் பச்சைகள்தான் பெரும்பாலும் காலை வாரியிருக்கும்.

முக்கால் மணி நேர அமர்வு என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இரண்டு சோதனைக் கேள்விகளுக்கு: ஒன்று தேதி மட்டும் போட்டு நிற்பது, ஒன்று பழைய பச்சை. திருத்தி, நிறம் போட்டு, காரணம் எழுதியபின் மீதி நேரம் ஒரே ஒரு வரிசைக்கு. அதிலும் பாதிக்கு மேல் கேள்வி எழுதுவதாக இருக்கட்டும். நோட்டை அழகாக நகல் எடுப்பதும் ஹைலைட்டரால் கோடு போடுவதும் ஷீட்டைப் பச்சையாக்கும், மதிப்பெண்ணைப் பெரிதாக நகர்த்தாது.

ஒரு வரிசை மூன்று முறை படித்தும் மூன்று முறையும் சிவப்பாகவே திரும்பினால், நான்காவது முறை தனியாக உட்கார வைக்காதீர்கள். புரியாததை எத்தனை முறை படித்தாலும் புரியாததாகவே இருக்கும். அந்த வரிசை எண்ணையும், அவள் எழுதிய தவறான விடையையும் எடுத்துக்கொண்டு பள்ளியில் ஆசிரியரிடம் போகட்டும். "மோல் புரியவில்லை மிஸ்" என்று போனால் பொதுவான விளக்கம்தான் கிடைக்கும். விடைத்தாளைக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் எங்கே பிசகு என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் நிறம் போடலாமா?

வேண்டாம். உங்கள் தொழிலில் "தர்பூசணி ப்ராஜெக்ட்" என்று ஒரு கேலி உண்டு, வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. மேலே இருப்பவருக்குக் காட்டுவதற்காக நிறம் போட ஆரம்பித்தால் எந்த டீமும் அந்த நிலைக்கு வந்துவிடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் மேலே இருப்பவர் நீங்கள். நீங்களே கேள்வி கேட்டு நிறம் போடத் தொடங்கினால், அவள் சிவப்பைத் தவிர்க்கப் பார்ப்பாள். தவிர்க்க முடியாவிட்டால் உங்களையே தவிர்க்கப் பார்ப்பாள். அடுத்து எதைப் படிப்பது என்று அவளே முடிவு செய்யத்தான் இந்த ஷீட். அதில் சிவப்பு போடுவதற்கு அவள் கொஞ்சமும் தயங்கக் கூடாது.

அதற்காக நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். ஷீட்டின் தலையில் "பச்சை 74%" என்ற மாதிரி ஒரு கட்டம் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த எண் ஏற வேண்டும் என்ற ஆசை வந்தால் சுலபமான வரிசைகளுக்குத்தான் கை போகும். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை போல, ஒரு கால் மணி நேரம் அவளோடு உட்காருங்கள். ஒரு பச்சை வரிசையைக் குலுக்கல் முறையில் எடுங்கள், அவள் புத்தகமில்லாமல் ஒரு கேள்வி எழுதட்டும், மார்க் ஸ்கீமை வைத்து அவளே திருத்தட்டும். வந்தால் சரி. வராவிட்டால் அவளே நிறத்தை இறக்குவாள். அப்போது உங்கள் முகம் மாறாமல் இருக்க வேண்டும். கஷ்டம்தான். முடியாது என்று தோன்றினால் அந்தக் கால் மணி நேரத்தை உங்கள் மனைவியிடம் விட்டுவிடுங்கள். அவருக்குக் கெமிஸ்ட்ரி தெரிய வேண்டிய அவசியமில்லை.

ஷீட்டில் பிடிபடாதவை

48க்கு ஷீட் மட்டுமே காரணமாக இருக்காது. ஏ.க்யூ.ஏ. கெமிஸ்ட்ரியில் தெரிந்ததைச் சொல்வதற்கான மதிப்பெண் ஏறக்குறைய 40 சதவீதம்தான். இன்னொரு 40 தெரிந்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்துவதற்கு, 20 தரவுகளைப் பார்த்து ஆராய்ந்து முடிவு சொல்வதற்கு. இதுவரை பார்க்காத ஒரு சோதனையின் வரைபடத்தைக் கொடுத்து, முடிவு சரியா என்று கேட்டால் அது எந்த வரிசையில் சேரும்? எதிலும் முழுதாகச் சேராது. அதோடு, தலைப்பு வாரியாகப் பயிற்சி செய்யும்போது "இது மோல் கணக்கு" என்று முன்பே தெரிந்துவிடுகிறது. தேர்வில் அதை யாரும் சொல்வதில்லை, அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆகவே பிப்ரவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முழுப் பேப்பர், ஒன்றேமுக்கால் மணி நேரம் கடிகாரம் வைத்து. 2018இலிருந்து இந்தப் பாடத்திட்டத்தில் தேர்வு நடக்கிறது, பழைய பேப்பர்களும் மார்க் ஸ்கீம்களும் ஏ.க்யூ.ஏ. தளத்திலேயே இலவசம். தலைப்பு வாரிப் பயிற்சிக்கு எல்லாப் பேப்பரையும் பிய்த்துத் தீர்த்துவிடாமல் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொடாமல் வைத்திருங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அதன் வரிசையில் போய் எழுதட்டும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் போனது, அலகு எழுதாமல் விட்டது, விடையைச் சரியான இலக்கத்துக்கு முழுமையாக்காதது போன்றவை எந்த வரிசையிலும் சேராது. அவற்றுக்கு ஷீட்டின் அடியில் தனியாக ஒரு சின்னப் பட்டியல்.

புதிய முறை வேலை செய்கிறதா என்று பச்சைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். முழுப் பேப்பரில் இழந்த மதிப்பெண்களில் எத்தனை பச்சை வரிசைகளில் போனது என்று பாருங்கள். அது ஒன்றிரண்டு என்றால் ஷீட் சொல்வதை நம்பலாம், மதிப்பெண் இன்னும் குறைவாக இருந்தாலும் எங்கே குறைகிறது என்று தெரியும். பத்துப் பன்னிரண்டு என்றால் பச்சைக்கான சோதனை இன்னும் லேசாக இருக்கிறது. பெரும்பாலும் கேள்வியைப் படித்த அன்றே போடுகிறாள், அல்லது ஒரே மாதிரிக் கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறாள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் செய்ய வேண்டியது அந்த டிசம்பர் மாக் பேப்பரைக் கையில் எடுப்பது. இழந்த 52 மதிப்பெண்ணும் எந்தெந்த வரிசை, அப்போது அந்த வரிசை என்ன நிறம் என்று அவளோடு உட்கார்ந்து குறியுங்கள். ஷீட்டின் முதல் உண்மையான நிறங்கள் அதிலிருந்தே வரும். பள்ளி விடைத்தாளைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால், கேள்வி வாரியாக மதிப்பெண் போட்ட அட்டவணை பல பள்ளிகளில் ஆசிரியரிடம் இருக்கும். மகளையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். அவள் கூச்சப்பட்டால் நீங்கள் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.